2017 புரோநோட்டு, 2025 வழக்கு எண்: இது டைம் பார் ஆகிவிட்டதா? தேதிகளைப் போட்டுப் பார்க்க உதவுங்கள்

பேராவூரணி_மகள்

அப்பாவுக்குப் போன வாரம் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. எங்கள் ஊர்க் கடைக்காரர் ஒருவரிடம் 2017-இல் மூன்று லட்சம் கடன் வாங்கிப் புரோநோட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. அதற்குத்தான் இப்போது முன்சீப் கோர்ட்டில் வழக்கு. நோட்டின் தேதி 12.06.2017. பின்பக்கத்தில் ரூ.5,000 வரவு வைத்து அப்பா கையெழுத்து இருக்கிறது. 09.01.2023-இல் அவர்கள் வக்கீல் நோட்டீஸ் விட்டார்கள், 30.01.2023-இல் நாங்கள் பதில் நோட்டீஸ் கொடுத்தோம். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை, இப்போது வழக்கு எண் 2025 என்று போட்டுச் சம்மன் வருகிறது.

புரோநோட்டுக்கு மூன்று வருஷம்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 2017-க்கும் 2025-க்கும் எட்டு வருஷம். அப்படியென்றால் வழக்கே செல்லாதுதானே? வக்கீலைத் திங்கட்கிழமை பார்க்கிறோம், அதற்குள் எனக்குக் கொஞ்சம் புரிந்தால் நல்லது.

சட்டம்_மூன்றாம்_வருஷம்

கேட்கும்போது கொடுக்கிறேன் என்று எழுதும் புரோநோட்டுக்கு லிமிடேஷன் சட்டம் 1963, ஆர்ட்டிகிள் 35. நோட்டு எழுதிய தேதியிலிருந்து மூன்று வருஷம். அவர் எப்போது பணத்தைத் திருப்பிக் கேட்டார் என்பது கணக்கே இல்லை. எழுதிய நாளைத் தள்ளிவிட்டு எண்ணினால் 12.06.2020 கடைசி நாள். அது கொரோனாவுக்காகக் கழிக்கப்பட்ட 15.03.2020 முதல் 28.02.2022 வரையிலான காலத்தில் விழுகிறது, அதனால் உச்ச நீதிமன்றம் 10.01.2022-இல் போட்ட உத்தரவுப்படி 01.03.2022-லிருந்து 90 நாள் கிடைக்கும். 2022 மே கடைசியோடு கதை முடிந்தது. 2025-இல் போட்ட வழக்கு தெளிவாக டைம் பார். அவர்கள் தாக்கல் செய்த வழக்குரையான பிராதைத் தொடக்கத்திலேயே நிராகரிக்கச் சொல்லி உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 7 ரூல் 11-இல் ஒரு மனு போடுங்கள், ஆளே எழுந்திருக்க முடியாது. அதிகபட்சம் அவர்கள் பிரிவு 5-இல் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடுவார்கள், அதை எதிர்த்துக்கொள்ளலாம்.

இரவு_ஷிப்ட்

அந்த 90 நாள் எப்படியும் வருகிறது, வேடிக்கையாக இருக்கிறது பாருங்கள். 15.03.2020-லிருந்து 12.06.2020 வரை எண்ணினால் மார்ச்சில் 17, ஏப்ரலில் 30, மே 31, ஜூன் 12, ஆக மொத்தம் சரியாக 90. பாக்கி இருந்ததும் 90, உத்தரவு கொடுத்ததும் 90. மார்ச் 1-ஐச் சேர்த்து எண்ணினால் 29.05.2022, அது ஞாயிற்றுக்கிழமை. தள்ளி எண்ணினால் 30.05.2022. எது சரி?

பழைய_குமாஸ்தா

நான் வக்கீல் இல்லை, வக்கீல் ஆபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவன். பிராது பதிவு செய்ய நடந்து நடந்தே செருப்புத் தேய்ந்தவன் என்பதால் சொல்கிறேன்.

தம்பி இரவு ஷிப்ட், மே மாதம் சிவில் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் கோர்ட் திறக்கிற நாளில் போடலாம் என்று பிரிவு 4 இருக்கிறது. ஆக 29-ஆ 30-ஆ என்று நீங்கள் அடித்துக்கொள்ள வேண்டாம், இரண்டும் ஜூனில் கோர்ட் திறந்த நாளில்தான் போய் நிற்கும்.

அது கிடக்கட்டும். தம்பி மூன்றாம் வருஷம் நல்லாத் தொடங்கினார், ஆனால் நோட்டைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. பின்பக்கம் வரவு இருக்கிறது என்று அந்தப் பெண் முதல் பத்தியிலேயே சொல்லியிருக்கிறார். கடனில் ஒரு பகுதியையோ வட்டியையோ மூன்று வருஷம் முடிவதற்குள் கட்டி, கட்டியவர் தன் கையால் எழுதியோ கையெழுத்துப் போட்டோ இருந்தால், கட்டிய தேதியிலிருந்து புதிதாக மூன்று வருஷம் ஓடத் தொடங்கும். பிரிவு 19. ஐயாயிரமோ ஐந்நூறோ, தொகை முக்கியமில்லை. அதனால்தான் வட்டிக்குக் கொடுக்கிறவர்கள் மூன்று வருஷம் நெருங்கும்போது வீடு தேடி வந்து 'ஏதாவது கொடுத்து வரவு போடுங்கள்' என்பார்கள்.

இரண்டாவது, பிரிவு 5 வழக்குகளுக்குப் பொருந்தாது. அது அப்பீலுக்கும் மனுவுக்கும்தான். அசல் வழக்கு ஒரு நாள் தாமதம் என்றாலும் மன்னிப்புக் கிடையாது. பிரதிவாதி லிமிடேஷனைப் பற்றிப் பேசாமலே விட்டாலும் கோர்ட்டே பார்த்துத் தள்ள வேண்டும் என்று பிரிவு 3 சொல்கிறது.

மூன்றாவது, 2025 என்பது வழக்கு எண் கொடுத்த வருஷம். வழக்கு என்றைக்குத் தாக்கல் ஆனது என்பது வேறு. பிராதை உரிய அலுவலரிடம் கொடுத்த நாள்தான் வழக்குப் போட்ட நாள். குறை இருக்கிறது என்று திருப்பி, திருத்தி, மறுபடி கொடுத்து, எண் விழுவதற்குள் மூன்று நான்கு மாதம் ஓடிவிடும், சில சமயம் ஒரு வருஷம்கூட. அம்மா, உங்களுக்கு வந்த பிராது நகலின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்து, எந்தெந்தத் தேதி முத்திரை இருக்கிறது என்று சொல்லுங்கள். அந்த வரவின் தேதியும் வேண்டும். அது இரண்டும் இல்லாமல் யாரும் விரலை மடக்கவே முடியாது.

கோவை_மில்_ரோடு

இதே பிரச்சினைதான் எனக்கும். 10.04.2021-இல் நண்பருக்கு ஜிபே-யில் இரண்டு லட்சம் அனுப்பினேன். நோட்டு எதுவும் இல்லை. 2024 ஜனவரியில் 'அடுத்த மாதம் தந்துவிடுகிறேன் மாப்ள' என்று வாட்ஸ்அப் அனுப்பினார். நானும் வக்கீல் நோட்டீஸ் விட்டுவிட்டேன், அதனால் நோட்டீஸ் விட்ட நாளிலிருந்து மூன்று வருஷம் எனக்கு இருக்கிறது, சரிதானே?

பேராவூரணி_மகள்

பார்த்தேன் ஐயா. பிராதின் முதல் பக்கத்தில் ஒரு வட்ட முத்திரை 29.10.2024. அடுத்த பக்கத்தில் 'திருப்பப்பட்டது' என்று ஏதோ எழுதி 2024 நவம்பர் தேதி, பிறகு 'மறு தாக்கல்' என்று 2025 ஜனவரி. வரவு பற்றிப் பிராதில் 'பிரதிவாதி 18.11.2019 அன்று ரூ.5,000 செலுத்தி நோட்டின் பின்புறம் தன் கைப்பட வரவு எழுதிக் கையொப்பமிட்டார்' என்று இருக்கிறது. கொரோனாக் காலத்தைக் கழித்தால் வழக்குக் காலவரம்புக்குள் இருக்கிறது என்றும் ஒரு பத்தி.

பழைய_குமாஸ்தா

முதலில் கோவைத் தம்பிக்கு. நோட்டீஸ் விட்டதால் ஒரு நாள்கூட நீளாது. கடன் கொடுத்தவர் அனுப்பும் கடிதம் அவருக்கே காலத்தை நீட்டிக் கொடுத்தால் உலகத்தில் எந்தக் கடனும் காலாவதி ஆகாது. உங்களுடையது நோட்டில்லாத கைமாற்று, ஆர்ட்டிகிள் 19, பணம் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருஷம். நீங்கள் கொடுத்த நாளே கொரோனாவுக்காகக் கழிக்கப்பட்ட காலத்துக்குள் இருப்பதால் கடிகாரம் 01.03.2022-இல்தான் ஓட ஆரம்பிக்கிறது. அப்படியென்றால் 28.02.2025 கடைசி. அதற்குள் பிராது போயிருக்கிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் அந்த வாட்ஸ்அப் ஒன்றுதான் உங்களுக்கு மிச்சம், அதைக் கையெழுத்திட்ட ஒப்புதலாக எடுத்துக்கொள்வார்களா என்பதில் நான் உறுதி சொல்லத் தயாரில்லை. தனி இழை போடுங்கள்.

இப்போது பேராவூரணி. ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நோட்டு 12.06.2017. வரவு 18.11.2019. முதல் மூன்று வருஷம் 12.06.2020-இல் முடிகிறது, அதற்கு முன்னாலேயே பணம் கட்டியிருப்பதாகச் சொல்கிறார்கள், ஆக வரவுக்கு உயிர் உண்டு. புதிய மூன்று வருஷம், கட்டிய நாளைத் தள்ளி எண்ணினால், 18.11.2022 கடைசி.

இதில் 15.03.2020 முதல் 28.02.2022 வரை கழிக்க வேண்டும். எப்படிக் கழிப்பது என்றால், 15.03.2020 அன்று இன்னும் எவ்வளவு பாக்கி இருந்தது என்று பார்த்து, அதை 01.03.2022-லிருந்து ஓடவிட வேண்டும். 15.03.2020-லிருந்து 14.03.2022 வரை இரண்டு வருஷம், அங்கிருந்து 14.11.2022 வரை எட்டு மாதம், பிறகு 18-ஆம் தேதி வரை நான்கு நாள். பாக்கி 2 வருஷம் 8 மாதம் 4 நாள். இதை 01.03.2022-இல் வைத்தால் இரண்டு வருஷம் 29.02.2024-இல் முடியும், எட்டு மாதம் 31.10.2024-இல், நான்கு நாள் சேர்த்தால் 04.11.2024.

தாக்கல் முத்திரை 29.10.2024. ஆறு நாள் மிச்சம் வைத்துக்கொண்டு போட்டிருக்கிறார்கள். யாரோ கணக்குத் தெரிந்த ஆள் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார் அம்மா.

இரவு_ஷிப்ட்

நான் நாளாக எண்ணினேன், எனக்கு ஒரு நாள் குறைகிறது. 15.03.2020 முதல் 28.02.2022 வரை இரண்டு முனையும் சேர்த்து 716 நாள். 18.11.2022-உடன் 716 கூட்டினால் 03.11.2024. நடுவில் 2024 பிப்ரவரி 29 வருவதால் இந்த வித்தியாசம். மாதக் கணக்கா நாள் கணக்கா?

பழைய_குமாஸ்தா

சட்டம் வருஷத்திலும் மாதத்திலும் காலத்தைச் சொன்னால் காலண்டர்படி எண்ணுவதுதான் எங்கள் பழக்கம். ஆனால் நீங்கள் சொல்கிற 03.11.2024 என்ன கிழமை என்று பாருங்கள், ஞாயிறு. திங்கட்கிழமை போடலாம். சுற்றிச் சுற்றி மறுபடி 04.11.2024. இந்த வழக்கில் தப்பித்தோம், வேறு வழக்கில் அந்த ஒரு நாளுக்காக அப்பீல் வரை போயிருப்பார்கள்.

சட்டம்_மூன்றாம்_வருஷம்

வரவைப் பார்க்காமல் விட்டது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். பிரிவு 5-உம்தான், அதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. ஆனால் கொரோனாக் கழிவை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 10.01.2022 உத்தரவில், காலவரம்பு அந்த இரண்டு தேதிக்கு நடுவில் முடிகிறவர்களுக்குத்தான் 90 நாள் அல்லது அதைவிட அதிகமான பாக்கி என்று இருக்கிறது. இங்கே சாதாரணமாகவே 18.11.2022 வரை நேரம் இருந்தது. கோர்ட் திறந்து எட்டு மாதம் கையில் இருந்தவருக்கு எதற்கு இன்னும் இரண்டு வருஷம்? 18.11.2022-ஓடு முடிந்தது என்பது என் வாதம்.

பழைய_குமாஸ்தா

நல்ல கேள்வி, இதைக் கேட்டு வாதாடிய வக்கீல்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வது உத்தரவின் மூன்றாம் பத்தி. முதல் பத்தியை வாசியுங்கள், அந்தக் காலம் முழுவதும் கழிக்கப்படும் என்று மொத்தமாகச் சொல்கிறது, யாருக்கு எப்போது முடிகிறது என்று பிரிக்கவில்லை. இரண்டாம் பத்தி மிச்ச நாட்கள் 01.03.2022 முதல் கிடைக்கும் என்கிறது. அதில் 03.10.2021 அன்று இருந்த மிச்சம் என்று தேதி போட்டிருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புவார்கள், ஆனால் 15.03.2020-லிருந்தே கடிகாரம் நின்றுவிட்டது என்றால் இரண்டு தேதியிலும் மிச்சம் ஒன்றுதான். 2024 மார்ச்சில் ஆரிஃப் அஸீம் எதிர் ஆப்டெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் எண்ணியது. 27.03.2021-இல் முடிய வேண்டிய காலம், 15.03.2020-இல் மிச்சம் 1 வருஷம் 13 நாள், அதை 01.03.2022-இல் வைத்து 13.03.2023 என்று முடித்தார்கள். நான் மேலே போட்டது அதே வாய்ப்பாடு.

சட்டம்_மூன்றாம்_வருஷம்

அந்த வழக்கிலும் முடிய வேண்டிய தேதி 27.03.2021, அதாவது கொரோனாக் காலத்துக்குள்ளேதான். நம்முடையது வெளியே. அது இதற்கு நேரடியாகப் பொருந்தாது.

பழைய_குமாஸ்தா

அதுவும் சரிதான், பிராதுக்குப் பதிலாக நாம் கொடுக்கும் எதிருரையில் ஒரு வரியாக எழுதி வைக்கலாம். கோர்ட் ஏற்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். முதல் பத்தியின் வாசகம் அவ்வளவு பரந்தது.

தென்னந்தோப்பு

எல்லாம் சரி. வாங்கின கடனைக் கொடுக்காமல் தேதி பார்த்துக்கொண்டிருக்கிறோம். அப்பா வாங்கினார்தானே?

பேராவூரணி_மகள்

வாங்கினார், இல்லை என்று நாங்கள் எங்கும் சொல்லவில்லை. 2017-லிருந்து வட்டியாகக் கையில் கொடுத்ததற்கு ஒன்றுக்கும் வரவு போடவில்லை, அந்த ஒரு ஐயாயிரத்தைத் தவிர. அசலைக் கொடுக்க அப்பா இப்போதும் தயார். அவர்கள் ஏழு வருஷ வட்டியையும் சேர்த்துக் கேட்கிறார்கள்.

இருங்கள், வேறு ஒன்று. நேற்று ராத்திரி எல்லாக் காகிதத்தையும் தரையில் பரப்பி வைத்துத் தேதி எழுதிக்கொண்டிருந்தேன். 09.01.2023 வக்கீல் நோட்டீஸில் வரவுத் தேதி 18.11.2018 என்று இருக்கிறது. பிராதில் 2019. நோட்டு நகலைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கடைசி இலக்கம் 9 மாதிரிதான் தெரிகிறது, ஆனால் மற்ற எழுத்தைவிடத் தடிமனாக இருக்கிறது, கீழே ஒரு வளைவு மூடியும் மூடாமலும். ஜெராக்ஸ் என்பதால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

பழைய_குமாஸ்தா

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேனே அம்மா! மறுபடி காகிதம் எடுங்கள்.

வரவு 18.11.2018 என்றால் மூன்று வருஷம் 18.11.2021-இல் முடியும். இப்போது அது கொரோனாக் காலத்துக்குள், அதனால் மேலே நம் தம்பி போட்ட சண்டைக்கே வேலை இல்லை. 15.03.2020 அன்று மிச்சம் 1 வருஷம் 8 மாதம் 4 நாள், 90 நாளைவிட அதிகம், ஆக அதுவே பொருந்தும். 01.03.2022-இல் வைத்தால் ஒரு வருஷம் 28.02.2023, எட்டு மாதம் 31.10.2023, நான்கு நாள் சேர்த்து 04.11.2023. நாளாக எண்ணினாலும் அதே தேதி, இந்தத் தடவை நடுவில் பிப்ரவரி 29 இல்லை.

வழக்குப் போட்டது 29.10.2024. கிட்டத்தட்ட ஒரு வருஷம் தாமதம். 8 என்றால் வழக்கு செத்தது, 9 என்றால் ஆறு நாள் மிச்சத்தில் பிழைத்தது. மூன்று லட்சமும் வட்டியும் அந்த ஒரு இலக்கத்தில் தொங்குகிறது.

இரவு_ஷிப்ட்

சும்மா காலண்டர் பார்த்தேன். 18.11.2018 ஞாயிறு. 18.11.2019 திங்கள். அப்பாவுக்கு ஏதாவது நினைவு இருக்கிறதா என்று கேளுங்களேன்.

பேராவூரணி_மகள்

கேட்டேன். அப்பா யோசிக்கவே இல்லை. 'கஜா அடிச்ச ரெண்டாம் நாளும்மா' என்றார். புயல் 16.11.2018 விடியற்காலையில் அடித்தது, எங்கள் பக்கம் தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை, கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. அந்தக் கடைக்காரர் வீட்டு ஓடு பறந்துபோய், தார்ப்பாய் வாங்கவாவது பணம் கொடு என்று வந்து நின்றாராம். அப்பாவிடம் தேங்காய் விற்ற காசு ஐயாயிரம் இருந்தது, கொடுத்துவிட்டு, அவர் கையோடு கொண்டுவந்திருந்த நோட்டில் அரிக்கேன் வெளிச்சத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாராம். அம்மாவும் கூட இருந்திருக்கிறார்.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. இது போதுமா?

சட்டம்_மூன்றாம்_வருஷம்

போதும் போதும்! ஆர்டர் 7 ரூல் 11 மனு போடுங்கள் என்று நான் அப்போதே சொன்னேன்.

பழைய_குமாஸ்தா

போடாதீர்கள். அந்த மனுவில் கோர்ட் பிராதில் எழுதியிருப்பதை மட்டும்தான் பார்க்கும். பிராதில் 18.11.2019 என்று இருக்கிறது, அதை உண்மை என்று வைத்துக்கொண்டால் வழக்கு காலத்துக்குள்தான். மனு தள்ளுபடியாகி ஆறு மாதம் போகும். தேதி எது என்பது சாட்சியம் வைத்து முடிவாக வேண்டிய விஷயம். எதிருரையில் விவரமாக எழுதி, 'வழக்கு காலவரம்பால் தடுக்கப்பட்டதா' என்பதைக் கோர்ட் தீர்மானிக்க வேண்டிய கேள்வியாக, ஓர் எழுவினாவாக வனையச் சொல்ல வேண்டும், அதுதான் பாதை. எதிருரைக்குச் சம்மன் கிடைத்ததிலிருந்து 30 நாள், கோர்ட் அனுமதித்தால் 90 வரை. லிமிடேஷன் பார்த்துக்கொண்டே அதைத் தவறவிட்டு, தங்கள் பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பாகி எக்ஸ்பார்ட்டி ஆனவர்கள் உண்டு, சிரிப்பாக இருக்கும், ஆனால் உண்டு.

அப்பா நினைவு நல்ல சாட்சியம்தான், அம்மா நினைவும். ஆனால் சொந்த வீட்டு ஆட்கள் சொல்வது, எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் எட்டு வருஷம் முந்தியதை இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறீர்களே என்றுதான் தொடங்குவார். அதைவிட எனக்கு அந்த 2023 நோட்டீஸ் பிடித்திருக்கிறது. அது அவர்கள் வக்கீல், அவர்கள் கட்சிக்காரர் சொன்னதைக் கேட்டு எழுதியது, சண்டை தொடங்குவதற்கு முன்னால் எழுதியது. தட்டச்சுப் பிழை என்பார்கள். என்றால் நோட்டீஸில் வேறு எங்காவது அந்த ஐயாயிரத்தைக் கழித்து வட்டி போட்டிருக்கிறார்களா பாருங்கள். வட்டிக் கணக்கு 2018-லிருந்து கழிந்திருந்தால் தட்டச்சுப் பிழை என்ற பேச்சு எடுபடாது.

அடுத்து, அசல் நோட்டைப் பார்க்க வேண்டும். ஜெராக்ஸில் தடிமனாகத் தெரிவது மை ஊறியதாகவும் இருக்கலாம். வக்கீலோடு போய் அசலைப் பார்வையிட மனு கொடுங்கள். மேலெழுதியது போல இருந்தால் தடய அறிவியல் நிபுணரிடம் அனுப்பக் கேட்கலாம். ஒரு கோடு இன்னொன்றின் மேல் போயிருக்கிறதா என்பதை அவர்கள் உருப்பெருக்கியில் பார்த்துச் சொல்வார்கள். மையின் வயதைக் கேட்டு மனு போடுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது பெரும்பாலும் எங்கும் போய்ச் சேராத வேலை.

பேராவூரணி_மகள்

நோட்டீஸில் வட்டிக் கணக்கு ஒரே வரிதான் ஐயா, 'நாளது தேதி வரை வட்டி' என்று மொத்தத் தொகை. பிரித்துக் காட்டவில்லை. நான் உட்கார்ந்து போட்டுப் பார்க்கிறேன்.

பழைய_குமாஸ்தா

சரி. இப்போது எனக்கு உறுத்துகிற ஒன்று. நீங்கள் கொடுத்த பதில் நோட்டீஸில் என்ன இருக்கிறது? 30.01.2023. நாம் சொல்கிறபடி 2018 வரவு என்றால் காலம் 04.11.2023 வரை உயிரோடு இருக்கிறது. உங்கள் பதில் அதற்கு முன்னால். அதில் கடன் பாக்கி இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிற மாதிரி ஒரு வரி இருந்தால், பிரிவு 18-இல் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம், 30.01.2026 வரை. அப்புறம் 8-ஆ 9-ஆ என்பதெல்லாம் வீண். வார்த்தைக்கு வார்த்தை போடுங்கள், பெயர்களை எடுத்துவிட்டு.

பேராவூரணி_மகள்

பாதிப் பக்கம்தான். முக்கியமான பத்தி இது: 'தங்கள் கட்சிக்காரர் கோரும் தொகை தவறானது. எமது கட்சிக்காரர் அவ்வப்போது செலுத்திய வட்டித் தொகைகள் வரவு வைக்கப்படவில்லை. சரியான கணக்கைத் தங்கள் கட்சிக்காரர் வழங்கும் பட்சத்தில் எமது கட்சிக்காரர் அதனைப் பரிசீலிக்கத் தயாராக உள்ளார்.' எங்கள் வக்கீல் கையெழுத்து.

சட்டம்_மூன்றாம்_வருஷம்

இதில் எங்கே ஒப்புதல்? கணக்குக் கொடு, பார்க்கிறேன் என்கிறார். பாக்கி உண்டு என்று ஒரு வார்த்தை இல்லை. கையெழுத்துகூட அப்பாவுடையது இல்லை.

பழைய_குமாஸ்தா

கையெழுத்தை விடுங்கள், அதிகாரம் பெற்ற ஏஜெண்ட் போட்டாலும் போதும் என்று அதே பிரிவின் விளக்கத்தில் இருக்கிறது, வக்கீல் அதில் வருவார் என்றுதான் அவர்கள் சொல்வார்கள். தொகையைச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, கொடுக்க மாட்டேன் என்று சேர்த்துச் சொன்னாலும்கூட ஒப்புதல் ஒப்புதல்தான். 'முழுவதும் தீர்த்துவிட்டேன், பாக்கி இல்லை' என்று எழுதியிருந்தால் எனக்குக் கவலையே இல்லை. 'சரியான கணக்குக் கொடுத்தால் பரிசீலிக்கிறேன்' என்பது, கணக்கு வழக்கு இன்னும் நடப்பில் இருக்கிறது, கடன்காரன் கடன் கொடுத்தவன் உறவு முடியவில்லை என்று படிக்க இடம் கொடுக்கிறது. படிக்காமலும் விடலாம். இரண்டு பக்கமும் தீர்ப்புக் காட்டுவார்கள்.

உங்களுக்கு ஒரு நல்ல விஷயம், காலம் நீண்டதற்கு எந்தக் காரணத்தை நம்புகிறார்களோ அதைப் பிராதில் சொல்ல வேண்டும் என்று ஆர்டர் 7 ரூல் 6 இருக்கிறது. அவர்கள் வரவையும் கொரோனாவையும் மட்டும் சொல்லியிருக்கிறார்கள், உங்கள் பதில் நோட்டீஸை ஒப்புதலாகச் சொல்லவில்லை. பிறகு திருத்த மனு போட்டோ, கோர்ட் அனுமதி கேட்டோ நுழைக்கப் பார்க்கலாம். ஆனால் '2019-தான் உண்மை' என்று சாதிக்கிறவர், '2018 என்றாலும் பதில் நோட்டீஸ் காப்பாற்றும்' என்று மாற்றிப் பேசினால் அந்தத் தடித்த 9-ஐப் பற்றி நீதிபதிக்கே சந்தேகம் வரும். அதனால் யோசித்துத்தான் செய்வார்கள்.

தென்னந்தோப்பு

நான் முதலில் கோபமாகக் கேட்டேன், மன்னியுங்கள். கஜாவில் எங்களுக்கும் தோப்புப் போனது. எனக்குத் தெரிந்து இந்த மாதிரி வழக்கில் அசலைக் கட்டி லோக் அதாலத்தில் முடித்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். டைம் பார் ஆனால் வழக்குப் போடத்தான் முடியாது, கடன் கடன்தானே.

பேராவூரணி_மகள்

அப்பாவும் அதைத்தான் சொல்கிறார். ஆனால் அவர் பணத்தை எடுத்துக்கொண்டு நேரே கடைக்காரர் வீட்டுக்குப் போய்ப் பேசப் பார்க்கிறார், நான் தடுத்து வைத்திருக்கிறேன்.

பழைய_குமாஸ்தா

தடுத்தே வையுங்கள். பேசுவது தப்பில்லை, வக்கீலோடு போய்ப் பேசட்டும். ஆனால் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம், 'இவ்வளவு தருகிறேன்' என்று புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டாம். காலாவதியான கடனையும் கொடுக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 25(3)-இல் அது புது வாக்குறுதி ஆகிவிடும், அங்கே மூன்று வருஷம் முடிந்ததா இல்லையா என்ற கேள்வியே வராது.

பேராவூரணி_மகள்

திங்கட்கிழமை வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தேன். பதில் நோட்டீஸ் கொடுத்தது அவர்தான், 'பரிசீலிக்கத் தயார்' என்ற வரியைக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அசலைப் பார்வையிட மனு தயார் செய்யச் சொன்னார். அடுத்த வாய்தா வரை நான் வட்டியை 2018-லிருந்தும் 2019-லிருந்தும் கழித்து இரண்டு விதமாகப் போட்டு, அவர்கள் கேட்ட தொகை எதோடு ஒத்துப்போகிறது என்று பார்க்கிறேன். இரவு ஷிப்ட் அண்ணா, ஒரு தடவை சரிபார்த்துத் தருவீர்களா?

இரவு_ஷிப்ட்

அனுப்புங்கள். கூட்டு வட்டியா தனி வட்டியா என்று நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.